பதினோரு டம்ளர் குறைகிறது

முகூர்த்தம் முடிந்த இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் நடக்கும் பேச்சு எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "முந்நூத்தம்பது டம்ளர் கொடுத்தோம் மாமா, முந்நூத்து முப்பத்தொம்பதுதான் இருக்கு" என்பான் வாடகைப் பாத்திரக் கடைப் பையன். "கொடுக்கும்போது சரியா எண்ணினியா தம்பி?" என்பார் பெண்ணின் தாய்மாமன். சமையல் மாஸ்டர் அடுத்த ஊர் வேலைக்குப் புறப்பட்டிருப்பார். குட்டியானை வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். காலையில் தாலி கட்டும்போது இருந்த சிரிப்பெல்லாம் போய், பதினோரு டம்ளருக்காக இரண்டு பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

கும்பகோணம் பக்கத்தில் என் மாமா ஒரு வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே கணக்கு எழுதினேன். அந்தச் சண்டை இரவில் மூண்டாலும், கடையில் ரேட் எழுதிய அன்றைக்கே அதற்கு விதை விழுந்துவிடுகிறது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது. வாடகை எதற்கு, டெபாசிட் எதற்கு, சேதத்துக்கு எவ்வளவு என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். பல கடைகளில் இந்த மூன்றையும் ஒரே ரூபாய்க்குள் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

முதலில் வாடகை. மாமா ரேட் வைத்த விதம் எளிமையானது. அடுத்த தெருக் கடையில் அண்டாவுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று ஆள் விட்டுக் கேட்பார், அதில் பத்து ரூபாய் குறைப்பார். அடுத்த தெருக்காரரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு பேரும் மாறி மாறி இறங்கி, எந்தச் செலவோடும் ஒட்டாத ஓர் இடத்தில் போய் நின்றிருந்தார்கள்.

ஒரு பெரிய அலுமினிய தேக்சாவை எடுத்துக்கொள்வோம். நான் சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொள்வதுதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் எடைக்கு விற்பது என்பதால் கணக்கு சுலபம். 12 கிலோ தேக்சா, கிலோ 400 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். விறகடுப்பிலும் பெரிய காஸ் அடுப்பிலும் மாறி மாறி ஏறி இறங்கும் பாத்திரம் ஆறு வருஷம் உழைக்கும் என்று வைப்போம். அதன் பிறகு பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டால் கிலோவுக்கு 150 வீதம் 1,800 கிடைக்கும். ஆக ஆறு வருஷத்தில் கரைவது 3,000 ரூபாய், வருஷத்துக்கு 500.

இதோடு இன்னும் மூன்று செலவு உண்டு. ஒடுக்கு எடுக்க, காதுக்கு ரிவெட் அடிக்க வருஷத்துக்கு ஒரு 300. பாத்திரத்தில் முடங்கிக் கிடக்கும் 4,800 ரூபாய்க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் 576. இவை வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள். மூன்றாவது ஒவ்வொரு தடவையும் வருவது: குடோனிலிருந்து இறக்கி, எண்ணி, ஏற்றி, திரும்பி வந்ததைக் கழுவி அடுக்கும் கூலி. ஒரு தேக்சாவின் பங்கு 30 ரூபாய் என்று வைப்போம்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த தேக்சா வருஷத்தில் எத்தனை தடவை வெளியே போகிறது என்பது. 25 தடவை போனால் தேய்மானத்துக்கு 20 ரூபாய், பழுதுக்கு 12, வட்டிக்கு 23, கூலிக்கு 30. மொத்தம் 85 ரூபாய். அதன் மேல் கடை வாடகையையும் லாபத்தையும் வைத்து 120 ரூபாய் கேட்கலாம். அதே தேக்சா வருஷத்துக்குப் பத்துத் தடவைதான் போகிறது என்றால்? 50, 30, 58, 30 என்று செலவே 168 ரூபாய் ஆகிவிடும். அப்போது 120 ரூபாய்க்கு விடும் ஒவ்வொரு தடவையும் கையை விட்டு 48 ரூபாய் போகிறது. கல்லாவில் பணம் விழுந்துகொண்டே இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆறாம் வருஷம் புதுப் பாத்திரம் வாங்கப் பணம் இல்லாதபோதுதான் தெரியும்.

இந்தத் தொழிலில் வருஷத்துக்கு 365 நாள் என்ற கணக்கே கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலோர் வைப்பதில்லை. தை, வைகாசி, ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் ஊர் முழுக்கக் கேட்பார்கள். அன்றைக்கு உங்களிடம் பத்து தேக்சா இருந்தாலும் இருபது கேட்பார்கள். அந்த ஆசையில் பத்தை இருபதாக்கினால், ஒவ்வொரு தேக்சாவும் வெளியே போகும் தடவை பாதியை நோக்கிக் குறையும். மாமா ஒரு வைகாசி நெருக்கடியில் எட்டு பெரிய அண்டா புதிதாக வாங்கினார். அவற்றில் ஐந்து, மாடிப்படிக்குக் கீழே ஒன்றன் வாயில் ஒன்றாகக் கவிழ்ந்து பல மாதம் கிடந்தன. வருஷத்தில் நாலைந்து நாளுக்கு மட்டும் தேவைப்படும் பாத்திரத்தைப் பக்கத்துக் கடையிலிருந்து பாதி வாடகைக்கு எடுத்து விடுவதே மேல். அடிக்கடி போகும் உருப்படிக்குக் குறைந்த ரேட், அபூர்வமாகப் போகும் உருப்படிக்கு விலையோடு ஒப்பிடும்போது கூடுதல் ரேட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துளைபோடும் மிஷின், கான்கிரீட் கலக்கும் மிஷின் வாடகைக்கு விடுபவர்களுக்கும் இதே கணக்குதான்.

தேக்சா அடிபடும், ஆனால் காணாமல் போகாது. அவ்வளவு பெரிய பாத்திரத்தை யாரும் கைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. டம்ளரும் கரண்டியும் அடிபடுவதில்லை, காணாமல் போகும். இந்த இரண்டு வகைக்கும் ஒரே விதியை வைப்பதுதான் பாதிச் சச்சரவுக்குக் காரணம்.

ஒரு எவர்சில்வர் டம்ளர் 40 ரூபாய் என்போம். வருஷத்துக்கு 20 தடவை போகிறது, ஐந்து வருஷம் உழைக்கிறது. ஆக நூறு தடவை; ஒரு தடவைக்குத் தேய்மானம் 40 காசு. வட்டிக்கு 24 காசு. எண்ணி, கழுவி, அடுக்க 30 காசு. இதோடு, நூறு டம்ளர் போனால் ஒன்று திரும்பி வராது என்று வைத்தால், அந்த ஒரு டம்ளரின் 40 ரூபாய் நூறு டம்ளர் மேலும் ஆளுக்கு 40 காசாக ஏறும். எல்லாம் சேர்த்தால் 1 ரூபாய் 34 காசு. டம்ளருக்கு ஒரு ரூபாய் என்று போர்டில் எழுதிவைத்திருந்த மாமா, ஒவ்வொரு டம்ளரிலும் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த நஷ்டத்தை இரவு ஒன்பது மணிக்குத் தாய்மாமனிடம் ஒவ்வொரு டம்ளருக்கும் 50 ரூபாய் வாங்கி ஈடுகட்டப் பார்த்தார். கோபம் அங்கேதான் கிளம்பியது.

டம்ளருக்கு 2 ரூபாய் வாடகை வைத்து, நூற்றுக்கு ஒன்று குறைந்தால் கேட்பதில்லை என்று பில்லிலேயே எழுதிவிடலாம். அந்த ஒன்றின் விலைதான் ஏற்கெனவே வாடகைக்குள் இருக்கிறதே. அதை மறுபடி வாங்கினால் ஒரே டம்ளருக்கு இரண்டு தடவை காசு வாங்குவதாகும். முதலில் சொன்ன கதையில் 350 டம்ளருக்கு மூன்று தள்ளுபடி. மீதி எட்டுக்கு மட்டும் பணம். இந்தத் தள்ளுபடியைச் சொன்னவுடன் பேச்சின் தொனியே மாறிவிடும். "எண்ணினியா?" என்று சந்தேகப்பட்டவர், "சரி, எட்டுதானே" என்பார்.

வாடகை எந்தக் காலத்துக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். "ஒரு நாள்" என்று எழுதினால் வம்பு. முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு எடுத்து, மறுநாள் இரவு திருப்பினால் அது ஒரு நாளா, இரண்டு நாளா? ஒரு விசேஷத்துக்கு ஒரு வாடகை என்று வைத்து, எடுக்கும் நேரத்தையும் திருப்பும் நேரத்தையும் பில்லில் மணியோடு குறித்தால் போதும். தாமதத்துக்கு அரை வாடகை. அடுத்த நாளும் முகூர்த்தமாக இருந்து பாத்திரம் வேறொருவருக்குப் பேசியிருந்தால், அதை எடுக்கும்போதே வாயால் சொல்லி, பில்லிலும் எழுத வேண்டும். அப்படிப்பட்ட நாளில் தாமதத்துக்கு முழு வாடகை கேட்பது நியாயம்தான், ஏனென்றால் கடைக்காரர் அவசரமாக வேறு இடத்தில் பாத்திரம் பிடிக்க ஓட வேண்டும்.

அடுத்தது டெபாசிட். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "அட்வான்ஸ்" என்ற ஒரே சொல்தான், தொல்லையும் அதில்தான். தேதியை உறுதி செய்யக் கொடுத்து வாடகையில் கழியும் பணமும் அட்வான்ஸ், பாத்திரம் திரும்பியதும் கைக்கு வர வேண்டிய பணமும் அட்வான்ஸ். இரண்டாயிரம் கொடுத்தவர் அது திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் அதை வாடகையில் கழித்துவைத்திருப்பார். பில்லில் இரண்டு வரியாகப் பிரித்து, ஒன்றை "முன்பணம், வாடகையில் கழியும்" என்றும், மற்றதை "டெபாசிட், திரும்பத் தரப்படும்" என்றும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

டெபாசிட் எவ்வளவு? முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு ஓர் ஆர்டரை வைத்துப் பார்ப்போம். பெரிய தேக்சா நாலு, சின்னது ஆறு, இரும்பு வாணலி ஒன்று, சாம்பார் வாளி பன்னிரண்டு, கரண்டி வகையறா முப்பது, அன்னக்கூடை நாலு, டம்ளர் 350. வாடகை முறையே 480, 360, 100, 120, 90, 100, 700. மொத்தம் 1,950 ரூபாய். இதையெல்லாம் புதிதாக வாங்கினால் அறுபதாயிரத்தைத் தாண்டும். அறுபதாயிரம் டெபாசிட் கேட்டால், கல்யாண வீட்டுக்காரர் கடைப்படி ஏற மாட்டார். கேட்கவும் தேவையில்லை. எல்லாப் பாத்திரமும் ஒரே இரவில் மறைந்துபோவதற்காக டெபாசிட் வாங்குவதில்லை. வழக்கமாகக் குறைவது எவ்வளவோ, அதைச் சண்டையில்லாமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் வாங்குகிறோம்.

வழக்கமாகக் குறைவது என்ன? ஒரு கெட்ட இரவை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி போகப் பத்து டம்ளர், பழகிய டம்ளர் விலை 30 வீதம் 300. மூன்று கரண்டி 300. ஒரு சாம்பார் வாளி 350. ஒரு தேக்சாவில் காது கழன்று, ஒடுக்கும் விழுந்தால் பழுதுக்கு 400. அடிப்பிடித்ததைத் தேய்க்காமலே அனுப்பியதற்குக் கழுவும் கூலி 300. மொத்தம் 1,650. எனவே 2,000 ரூபாய் டெபாசிட் போதும். வாடகை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவே டெபாசிட் என்று பல பழைய கடைக்காரர்கள் கைவழக்கமாக வைத்திருப்பது இப்படிக் கணக்குப் போட்டு வந்ததாக இருக்காது. ஆனால் கணக்கும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

இந்த வழக்கம் பாத்திரத்துக்குப் பொருந்தும், எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஒரே ஆளால் தூக்கிக்கொண்டு போய் விற்கக்கூடிய விலையுயர்ந்த பொருள் என்றால் கணக்கு வேறு. பித்தளைக் குத்துவிளக்கு, மரம் அறுக்கும் மிஷின், பெரிய துளைபோடும் மிஷின் போன்றவற்றில் பயம் சேதத்தைப் பற்றியது அல்ல, பொருளே திரும்பாமல் போவதைப் பற்றியது. அங்கே பழகிய விலையில் பாதியாவது டெபாசிட் கேட்பார்கள். முகம் தெரியாதவர் என்றால் இன்னும் கூட. பத்து வருஷமாக வந்துபோகும் சமையல் மாஸ்டரிடம் டெபாசிட்டே கேட்காமல் இருப்பதும் உண்டு. ஆனால் அவர் வழியாக வரும் கல்யாண வீட்டுக்காரர் உங்களுக்குப் புதியவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

டெபாசிட் பணம் கடையின் வருமானம் அல்ல. மாமா அதைக் கல்லாவில் போட்டு, முகூர்த்த நாள் மளிகைக்குச் செலவு செய்து, திருப்பிக் கொடுக்கும்போது "நாளைக்கு வாங்க" என்பார். பாத்திரத்தில் ஒரு குறையும் இல்லாமல் கொடுத்தவருக்கு "நாளைக்கு வாங்க" என்ற சொல் எவ்வளவு கசக்கும்! தனி டப்பாவிலோ தனிக் கவரிலோ பில் நம்பரோடு போட்டுவைத்து, எண்ணி முடித்த அந்த நிமிஷமே கையில் கொடுப்பது உத்தமம். ஆதார் அட்டையின் அசலை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம், தொலைந்தால் ஒரு டம்ளரைவிடப் பெரிய வம்பு. பெயர், விலாசம், போன் நம்பர், எந்த மண்டபம், எந்தத் தேதி என்று எழுதி, பத்திரிகை ஒன்றைப் பில்லோடு பின் அடித்துவைப்போம். கல்யாணப் பத்திரிகையைப் போல இரண்டு வீட்டு விலாசத்தையும் உறவுமுறையோடு சொல்லும் ஆவணம் வேறு எங்கே கிடைக்கும்?

இனி சேதம். தேக்சா ஒன்று காணாமல் போனது, அல்லது லாரியில் நசுங்கி உதவாமல் போனது. எவ்வளவு கேட்பது? "புதுசு 4,800, அதைக் கொடுங்க" என்பது கடைக்காரரின் முதல் வாய். அந்தப் பாத்திரம் நாலு வருஷம் உழைத்தது என்றால், வருஷத்துக்கு 500 வீதம் 2,000 ஏற்கெனவே கரைந்துவிட்டது. அதைப் பழைய வாடகைகள் கொடுத்தாயிற்று. மீதி மதிப்பு 2,800. காணாமல் போனால் அதுதான் கேட்க வேண்டிய தொகை. நசுங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் இன்னும் ஒரு படி உண்டு. அது இப்போது உங்கள் குடோனில் இருக்கிறது, எடைக்குப் போட்டால் 1,800 கிடைக்கும். அப்போது அவர் தர வேண்டியது 1,000 மட்டும். இந்தக் கழிவைப் பல கடைகளில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முழு விலையையும் வாங்கிக்கொண்டு நசுங்கிய பாத்திரத்தையும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டால், "அப்ப அந்த நசுங்கினதை எங்ககிட்ட கொடுங்க" என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயசு பார்த்துக் கணக்குப் போடுவது இரவில் நடக்காத காரியம். அதனால் ரேட் அட்டையில் இரண்டு கட்டம் வைத்தோம். ஒன்றில் வாடகை, பக்கத்தில் "தொலைந்தால்" என்று ஒரு விலை. பெரிய தேக்சாவுக்கு 3,000, டம்ளருக்கு 30, கரண்டிக்கு 100 என்று நடுவாந்தரமான பழகிய விலை. அதே எடையில் அதே மாதிரிப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தாலும் சரி என்று கீழே ஒரு வரி. எடுக்கும்போதே அந்த விலையைப் பார்த்துவிட்டால், மண்டபத்தில் மண்வாணலியைத் தூக்குவது போல மெதுவாகத் தூக்குவார்கள் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் விலையைப் பற்றிப் பேச்சு வராது.

பழுது பார்க்கக் கூடியது என்றால் பழுதுச் செலவு மட்டும்தான். அடியில் கறுப்பு, உள்ளே கீறல், மெல்லிய சொட்டை எல்லாம் உழைப்பின் அடையாளம். அதற்குக் காசு கேட்கக் கூடாது. பாத்திரம் தரையில் ஆடாமல் உட்காருகிறதா, மூடி பொருந்துகிறதா, காது ஆடுகிறதா, தண்ணீர் ஊற்றினால் கசிகிறதா என்ற நாலும்தான் சோதனை. நாலிலும் தேறிவிட்டால் அழகுக்காக யாரிடமும் காசு வாங்க வேண்டாம்.

இதில் சட்டம் ஏதாவது சொல்கிறதா என்று கேட்டால், சொல்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பதைப் பற்றி 148-ஆம் பிரிவிலிருந்து தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. வாடகைப் பாத்திரமும் அதில் அடக்கம். எடுத்தவர் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள ஆள் எப்படிக் கவனித்துக்கொள்வாரோ அப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அப்படிக் கவனித்தும் பொருள் போய்விட்டால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பு இல்லை என்கிறது 152. பில்லில் ஒரு வரியும் எழுதாத கடைக்காரர், மண்டபத்தின் பூட்டை உடைத்து யாரோ திருடிய அண்டாவுக்குக் காசு கேட்டால் நிற்காது. "எந்தக் காரணத்தால் தொலைந்தாலும் எடுத்தவர் பொறுப்பு" என்ற வரியும் அதன் கீழே கையெழுத்தும் இருந்தால் பேச்சு வேறு.

சொன்ன காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் சேதத்துக்கு எடுத்தவரே பொறுப்பு, இது 154. கல்யாணத்துக்கு எடுத்த வாணலியைப் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கும் கொடுத்தனுப்புவது இதில் வரும். தன் தவறால் நேரத்துக்குத் திருப்பாமல் வைத்துக்கொண்டால், அந்த நேரத்திலிருந்து பாத்திரத்துக்கு என்ன ஆனாலும் அவர் பொறுப்பு என்கிறது 161.

கடைக்காரர்கள் பெரும்பாலும் கேள்விப்படாதது 150-ஆம் பிரிவு. வாடகைக்கு விட்ட பொருளில் உள்ள குறையால் எடுத்தவருக்குச் சேதம் வந்தால் விட்டவர் பொறுப்பு. அந்தக் குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாமல் இருந்தாலும் சரி. கொதிக்கும் சாம்பாரோடு இரண்டு பேர் தூக்கும் அண்டாவின் காதில் ரிவெட் தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பித்தளைத் தவலையில் ஈயப்பூச்சு போய்விட்டிருந்தால் புளி சேர்ந்த குழம்பில் களிம்பு இறங்கும். காஸ் அடுப்பின் டியூப் வெடித்திருக்கலாம். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். அதனால் திரும்பி வந்த பாத்திரத்தைச் சோதிப்பது டெபாசிட்டைப் பிடிக்க மட்டும் அல்ல, அடுத்த வீட்டுக்குப் போகுமுன் தன்னைக் காத்துக்கொள்ளவும்தான். எங்கள் கடையில் காது ஆடும் பாத்திரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி மூலையில் தள்ளுவோம். முகூர்த்த நெருக்கடியில் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டு ஏற்றத் தோன்றும். மாமா அதற்கு மட்டும் என்றைக்கும் சம்மதித்ததில்லை.

அபராதம் என்று பயமுறுத்துவதற்கும் எல்லை உண்டு. கரண்டி தொலைந்தால் ஆயிரம் ரூபாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், வழக்கு என்று போனால் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கும்; எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு, அவ்வளவுதான். பில்லில் எழுதிய தொகை, கடைவீதியில் அந்தப் பொருளின் விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இத்தனை விதி வைத்தாலும் எண்ணிக்கை சரியில்லை என்றால் எல்லாம் வீண். எண்ணுவது இரண்டு தடவை: ஏற்றும்போது எடுப்பவர் கண் முன்னால், திருப்பும்போதும் அவர் கண் முன்னால். கடைக்குக் கொண்டுபோய் எண்ணிவிட்டுப் போனில் "குறையுது" என்று சொன்னால், சொல்வது உண்மையாக இருந்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. டம்ளரை இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கி எண்ண வேண்டும். அடுக்கின் உயரமே தப்பைக் காட்டிவிடும். கரண்டியைப் பத்துப் பத்தாகக் கயிற்றில் கோத்துக் கொடுத்து, கோத்தே திருப்பச் சொல்ல வேண்டும். கழுவாத பாத்திரத்தை எண்ணவே கூடாது. ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டு டம்ளர் ஒன்றாகத் தெரியும்.

கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். பாத்திரத்தைக் கையாள்வது சமையல் மாஸ்டரின் ஆட்கள், பணம் கொடுப்பது வீட்டுக்காரர். மாஸ்டர் கையெழுத்துப் போட்டால் இரவில் வீட்டுக்காரர் "எனக்கென்ன தெரியும்" என்பார். வீட்டுக்காரர் போட்டால் மாஸ்டர் கவலைப்பட மாட்டார். வீட்டுக்காரர் கையெழுத்து, எண்ணிக்கைத் தாளின் ஒரு நகல் மாஸ்டர் கையில். இதுதான் எங்களுக்குப் பலித்தது.

குறைந்த டம்ளர்கள் எங்கே போகின்றன? யாரும் திருடுவதில்லை. எச்சில் இலையை மடித்து எடுக்கும்போது டம்ளரும் உள்ளே போய்விடும். பந்தி நெருக்கடியில் ஒருவர் இலையை வாரிக்கொண்டே போவார், சின்னக் கரண்டியும் அதோடு சுருண்டு கூடைக்குள் போகும். அதனால் பந்தி முடிந்து இலைக் கூடை வெளியே போகுமுன் ஒரு ஆள் நின்று கையால் துழாவ வேண்டும். அந்த ஆளுக்குத் தனியாக நூறு ரூபாய் கொடுத்தாலும் லாபம்தான். வாசனை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டு டம்ளர் குறைந்த ஒரு இரவில் நானே துழாவி ஆறு எடுத்திருக்கிறேன்.

இன்னொரு வழி, வேறு கடைப் பாத்திரத்தோடு கலந்துபோவது. மண்டபத்துக்குச் சொந்தப் பாத்திரம் இருக்கும், மாஸ்டர் தன் கரண்டிகளைக் கொண்டுவருவார், வாடகைக்கு எடுத்ததும் இருக்கும். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது போலக் கடையின் எழுத்தையும் ஒவ்வொரு உருப்படியிலும் வெட்டியிருக்க வேண்டும். டம்ளருக்கு அடியில், கரண்டிக்குக் காம்பில், தேக்சாவுக்குக் காதுக்குக் கீழே. எங்கள் எழுத்து "வி". அடுத்த தெருக் கடையின் எழுத்து "மு". ஒவ்வொரு முகூர்த்தமும் முடிந்த மறுநாள் எங்கள் குவியலில் நாலைந்து "மு" கிடக்கும், அவர்கள் குவியலில் நாலைந்து "வி". ரேட்டில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அந்த இரண்டு கடைக்காரர்களும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்குப் பையோடு டீக்கடை வாசலில் சந்தித்து அவற்றை மாற்றிக்கொள்வார்கள்.